நூற்று நாற்பதாம் நாள் புள்ளிகள்

கடைக்காரி என்றுதான் வீட்டில் எல்லோரும் அவளைக் கேலியாகக் கூப்பிடுவார்கள். கடை என்றால் தெருவில் ஷட்டர் தூக்கித் திறக்கிற கடை இல்லை. இணையத்தில் ஒரு பக்கம், வீட்டின் பின்னறையில் இரண்டு அலமாரி, ஒரு தராசு, பார்சல் ஒட்டும் டேப். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கான மர விளையாட்டுச் சாமான்கள் விற்றாள். கிலுகிலுப்பை, அடுக்கு வளையம், பல் முளைக்கிற நேரத்தில் குழந்தை கடிப்பதற்கு மரமணி கோத்த கடிவளையம். நான்கு வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் பேர் வாங்கியிருந்தார்கள். கணவன் பேருந்து ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் பெட்டி மடித்துக் கொடுப்பான், மற்றபடி "முதலாளியம்மா சொன்னா சரி" என்று கழன்றுகொள்வான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் தங்கை வந்திருந்தாள். வீட்டுக்கு அவள் சின்னவள். தொலைபேசி நிறுவனம் ஒன்றில், எந்த வாடிக்கையாளர் தங்குவார், எவர் ஓடுவார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற வேலை. "உங்க கடைக்கும் ஒண்ணு போட்டுத் தரேன் அண்ணி, சும்மா விலைக்கழிவுன்னு எல்லாருக்கும் அள்ளி விடாதீங்க" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு மடிக்கணினியோடு பின்னறையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் அறுநூற்றுச் சொச்சம் புள்ளிகள் மழைத்துளி தெறித்த கண்ணாடி மாதிரி பரவிக் கிடந்தன.

"ஒரு புள்ளி ஒரு ஆளு. கடைசியா வாங்கி எத்தனை நாளாச்சுங்கறது கீழ்க்கோட்டுல. இடதுபக்கம் இருந்தா சமீபத்துல வந்தவங்க, வலதுபக்கம் போகப்போக வந்து ரொம்ப நாளானவங்க. மொத்தமா எவ்வளவுக்கு வாங்கினாங்கங்கறது உயரம். மேல இருந்தா நிறைய வாங்கினவங்க."

"நடுவுல இந்தச் சிலுவை?"

"நாலு பெட்டியாப் பிரிக்கறதுக்கு. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் வர்ற மாதிரி கோடு போட்டிருக்கேன். நாள் கோடு நூத்திப் பத்துல நிக்குது. சராசரி எடுத்தா சரியா வராது. அதோ உச்சியில தனியா ஒண்ணு நிக்குதே, அது யாரு?"

"பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். இங்கதான், ரெண்டு கிலோமீட்டர். மொத்தமா வாங்குவாங்க."

"அவங்க ஒருத்தரே சராசரியத் தூக்கி விட்டுடுவாங்க. அதான் நடு ஆளைப் பிடிச்சுக் கோடு போட்டேன்." சின்னவள் வலதுமேல் பெட்டியைச் சுட்டினாள். "இவங்கதான் அண்ணி முக்கியம். நிறைய வாங்கினவங்க, இப்ப சத்தமே இல்லாதவங்க. கைநழுவிப் போறவங்க. உங்க விலைக்கழிவுச் செய்தி இவங்களுக்கு மட்டும் போனாப் போதும்."

கடைக்காரி செய்தியை முன்பே எழுதி வைத்திருந்தாள். 'உங்களைக் காணோமே! குட்டிக்கு அடுத்த பொம்மை வேண்டாமா?' என்று தொடங்கும். அவளுக்கே அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"இரு," என்றாள் சின்னவள். "இது என்ன கம்பம்?"

நூற்று முப்பத்திரண்டாம் நாளிலிருந்து நூற்று நாற்பத்தாறாம் நாள் வரைக்கும், குறுகலான ஒரு பட்டையில், புள்ளிகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றன. சிலுவையின் குறுக்குக்கோடு அந்தப் பட்டையை நடுவில் வெட்டியிருந்தது. பாதி மேல்பெட்டியில், பாதி கீழ்ப்பெட்டியில். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தால் கொஞ்சம் நெரிசல் என்று மட்டும் தோன்றும். கோட்டை மறந்துவிட்டுப் பார்த்தால்தான் கம்பம் தெரிந்தது.

"அது தள்ளுபடி போட்ட ரெண்டு வாரம்டீ. அப்ப நிறையப் பேர் வாங்கினாங்க, அதான்."

"அப்படித்தான் இருக்கும். ஆனா வாங்கினவங்க திரும்ப வந்தா அந்தப் புள்ளி இடதுபக்கம் நகர்ந்துடும். பாதிப் பேராவது நகர்ந்திருக்கணுமே. எழுபத்தினாலு பேர் அப்படியே நிக்கறாங்க."

சின்னவள் அந்த இரண்டு வாரத்தில் வாங்கிய எல்லோரையும் எடுத்தாள். நூற்றுப் பதினான்கு பேர். யார் என்ன வாங்கினார்கள் என்று பொருள்வாரியாக நிறம் கொடுத்துப் பார்த்தாள். கிலுகிலுப்பைக்கு நீலம், அடுக்கு வளையத்துக்குப் பச்சை. நீலமும் பச்சையும் பாதிக்குமேல் இடப்பக்கம் போய்விட்டன. கடிவளையத்துக்குச் சிவப்பு கொடுத்ததும் கம்பம் குபீரென்று சிவந்தது.

கடிவளையம் வாங்கியவர்கள் நாற்பத்துநான்கு பேர். அதில் நாற்பத்தொரு பேர் கம்பத்தில் நின்றார்கள்.

"குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்கும். அப்புறம் எதுக்கு வருவாங்க?" என்றாள் கடைக்காரி. சொல்லும்போதே அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"அதுக்கு முந்தி கடிவளையம் வாங்கினவங்க பாதிக்குப் பாதி வேற சாமான் வாங்க வந்திருக்காங்க அண்ணி. பார்த்துட்டேன். இந்த ரெண்டு வாரத்து ஆளுங்க மட்டும்தான் வரல." சின்னவள் திரையிலிருந்து திரும்பினாள். "அந்த ரெண்டு வாரத்துல கடிவளையத்துல என்ன மாத்தினீங்க?"

மாற்றியிருந்தாள். வழக்கமான மெழுகு நூல் கிடைக்காமல், வேறொரு கடையில் பளபளவென்று ஒரு நூல் வாங்கி, ஐம்பது வளையம் கோத்தாள். பார்க்க அழகாக இருந்தது, விலையும் பாதி. பிறகு பழைய நூல் வந்ததும் மாறிக்கொண்டாள். அதை ஒரு விஷயமாகவே அவள் நினைத்திருக்கவில்லை.

அந்த ஐம்பதில் ஒன்று அலமாரி மூலையில் மிச்சம் கிடந்தது. சின்னவள் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வளையத்தைப் போட்டுவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்துக் கடைக்காரி எடுத்து, ஒரு குழந்தை இழுக்கிற அளவுக்கு, அதற்கு மேல் இல்லை, மெல்ல இழுத்தாள். முடிச்சு வாழைப்பழத்தோல் மாதிரி நழுவியது. ஒன்பது மணிகளும் தரையில் உருண்டன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு.

ஒரு குழந்தையின் தொண்டையும் அவ்வளவுதான் இருக்கும்.

"யாரும் புகார் சொல்லலையே," என்றாள் கடைக்காரி. "ஒருத்தராவது எழுதியிருப்பாங்களே. நாற்பத்தொரு பேர்ல ஒருத்தர் கூடவா எழுத மாட்டாங்க?"

"பக்கத்துல 'எங்களுக்கு எழுதுங்கள்'னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதினா எங்க போகும்?"

"எனக்குத்தான் வரும்."

"கடைசியா எப்ப வந்துது?"

யோசித்துப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்கு முன் பக்கத்தைப் புதுசாக மாற்றிக் கட்டினார்கள். கட்டியது கணவனின் நண்பன். அதன்பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. மக்கள் எல்லாம் செல்பேசியிலேயே கேட்டுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். சின்னவள் கட்டத்தின் உள்ளே போய்ப் பார்த்தாள். கடை ஆரம்பித்த புதிதில் கணவன் திறந்து, பிறகு எல்லோரும் மறந்துபோன ஒரு முகவரி அங்கே இருந்தது.

அவனுக்குப் போன் போட்டார்கள். பணிமனையில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தான். "கடவுச்சொல்லா? என் முதல் வண்டி நம்பர். எதுக்கு, என்னாச்சு?" என்றான். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பதினேழு பேரின் கடிதங்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

மூன்றாம் நாளே நூல் அவிழ்ந்துவிட்டது, குப்பையில் போட்டேன் என்று ஒருத்தி. பணம் வேண்டாம், இனி யாருக்கும் விற்காதீர்கள் என்று ஒருவர். பதில் போடக்கூட உங்களுக்கு மனசு வரவில்லையா என்று மூன்றாவது முறையாக எழுதிய ஒருத்தி. கடைக்காரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே இறங்கினாள். பன்னிரண்டாவது கடிதத்தில் கை நின்றுவிட்டது.

'என் மகளுக்கு எட்டு மாதம். உங்கள் வளையத்தின் மணி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. மரம் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியவில்லை, இரண்டு நாள் சளி என்றே நினைத்தார்கள். நாளைக் காலை மயக்க மருந்து கொடுத்து எடுக்கப் போகிறார்கள். அந்த மணிக்கு என்ன சாயம் பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்கிறார். தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.'

கீழே ஒரு செல்பேசி எண். நூற்றுப் பதினெட்டு நாளுக்கு முந்தைய தேதி. அதன்பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து எதுவும் இல்லை.

அந்த மணிக்குச் சாயமே இல்லை. தேன்மெழுகுதான். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். செல்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள், பாதியில் நிறுத்தினாள். மறுமுனையில் அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாளோ. நாளைக் காலைக்கு அப்புறம் ஏன் அவள் எழுதவில்லை?

"அண்ணி," என்றாள் சின்னவள். அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு அப்புறம் பேசலாம். நம்ம தப்பான பக்கத்தைப் பார்த்துட்டு இருக்கோம்."

"என்னடீ சொல்ற?"

"கம்பத்துல நிக்கறவங்க வராம இருக்காங்கன்னா, பெரும்பாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. வளையம் அறுந்துடுச்சு, தூக்கிப் போட்டுட்டாங்க. சிவப்புல மூணு பேரு இந்தப் பக்கம் வந்திருக்காங்க பாருங்க. கோட்டுக்கு இடதுபக்கம். நல்ல வாடிக்கையாளர்னு நாம கவலைப்படாம விட்ட பெட்டி. உங்க மேல நம்பிக்கையோட திரும்ப வந்து வாங்கறாங்க. ஏன்னா அவங்க வளையம் இன்னும் அறுந்திருக்காது."

மூன்று சிவப்புப் புள்ளிகள். இரண்டு நடுவில். ஒன்று உச்சியில், தனியாக, இடது ஓரத்தில். நான்கு நாளுக்கு முன்னால்கூட வாங்கியிருந்தது.

காப்பகம். ஆறு வளையம்.

காப்பகத்து எண்ணை மூன்று முறை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மதியம் ஒன்றரை. குழந்தைகளைத் தூங்கவைக்கிற நேரம், போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். "மத்த ரெண்டு பேருக்கும் நீ போடு" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தலைக்கவசத்தைப் போட மறந்தது இரண்டாவது சிக்னலில்தான் உறைத்தது. சிவப்பு விளக்கு எண்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. நாற்பது, முப்பத்தொன்பது. பக்கத்துக் காரில் ஒரு குழந்தை கண்ணாடியில் நாக்கை ஒட்டிப் பழிப்புக் காட்டியது. கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காப்பகத்துப் பொறுப்பாளரை எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். பருத்த உடம்பு, மெல்லிய குரல். கதவைத் திறந்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. இப்பதான் கண்ணயர்ந்தாங்க. என்ன இது, தலையெல்லாம் கலைஞ்சு..."

"டீச்சரம்மா, நான் கொடுத்த கடிவளையம். ஆறும் எங்க இருக்கு?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கு. அஞ்சு கூடையில இருக்கும், கழுவிப் போட்டது. ஒண்ணு குட்டிக் கும்பகர்ணன்கிட்ட. அது வாயில இல்லாட்டி அவன் தூங்க மாட்டான்."

கடைக்காரி செருப்போடு உள்ளே நுழைந்தாள். திரை போட்ட அறையில் வரிசையாகச் சின்னக் கட்டில்கள். ஓரத்துக் கட்டிலில் பத்து மாதப் பையன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கன்னத்துக்குக் கீழே எச்சில் வட்டம். கையில் வளையம் இல்லை. ஒரு நூல் இருந்தது. நூலில் நான்கு மணிகள்.

டீச்சரம்மாவுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் குனிந்து முதலில் மூச்சைக் கேட்டாள். பிறகு மார்பில் உள்ளங்கையை வைத்தாள். "சீரா இருக்கு," என்றாள். பையனைத் தூக்கி நிமிர்த்தினாள், வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரலை உள்ளே விடவில்லை. "விட்டா இன்னும் உள்ள தள்ளிடும். நீங்க மணியைத் தேடுங்க. எத்தனை இருக்கணும்?"

"ஒன்பது. நாலு இங்க."

பையன் விழித்துக்கொண்டு வீரிட்டான். அந்த அலறல் கடைக்காரியின் காதில் தேனாகப் பாய்ந்தது. அழ மூச்சு இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்துக் குழந்தைக்கும் இரண்டு நாள் மூச்சு இருந்ததே. விரிப்பை உதறினாள். மூன்று மணிகள் சுவரோரம் ஓடின. தலையணைக்கடியில் ஒன்று. எட்டு. ஒன்பதாவது இல்லை.

மற்றக் குழந்தைகளும் ஒவ்வொன்றாக எழுந்து அழத் தொடங்கின. ஓர் உதவியாளர் ஓடிவந்து விளக்கைப் போட்டாள். கட்டிலை நகர்த்தினார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். கடைக்காரி முழங்காலில் ஊர்ந்து தரை முழுக்கத் துழாவினாள். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் வாயில் வேண்டுமானாலும் போயிருக்கலாம். "ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடுங்க," என்றாள், "எல்லாரையும் கூட்டிட்டுப் போகலாம், எக்ஸ்ரேல தெரியாது, டாக்டர்கிட்ட மரம்னு சொல்லணும், மரம்னு மறக்காமச் சொல்லணும்..." சொல்லிக்கொண்டே இருந்தாள், நிறுத்தத் தெரியவில்லை.

உதவியாளர் போனைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது டீச்சரம்மா பையனின் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். மார்புக்கும் உள்பனியனுக்கும் நடுவில், எச்சிலில் நனைந்து, தோலோடு ஒட்டிக்கொண்டு இருந்தது ஒன்பதாவது மணி.

டீச்சரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நாலு மாசமா இதை இவங்க வாயில வச்சிருக்கேன்," என்றாள். "உங்க பேரைச் சொல்லி எத்தனை அம்மாக்களுக்குச் சிபாரிசு பண்ணியிருக்கேன் தெரியுமா?"

கடைக்காரி கூடையில் இருந்த ஐந்தையும் எடுத்து மணிகளை எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாள். ஐந்திலும் முழுசாக இருந்தன. எல்லாவற்றையும் கைப்பையில் திணித்துக்கொண்டாள். இன்று சாயங்காலம் எல்லாப் பெற்றோருக்கும் நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்றாள் டீச்சரம்மா. சரி என்றாள்.

வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபோது சின்னவள் அழைத்தாள். மற்ற இரண்டு சிவப்புப் புள்ளிகளில் ஒன்று வீடு மாறியபோதே வளையத்தைத் தொலைத்திருந்தது. இன்னொன்றில் ஒரு தகப்பன் எடுத்து, "இதோ வாயில வச்சுக்கிட்டுத்தான் இருக்கான், ஏன்?" என்றிருக்கிறான். "பிடுங்குங்க சார், இப்பவே பிடுங்குங்கன்னு கத்திட்டேன் அண்ணி. பிடுங்கிட்டாரு. குழந்தை அழற சத்தம் கேட்டுது. முடிச்சு பாதி அவிழ்ந்திருக்காம்."

"எழுதாதவங்க எத்தனை பேரு?"

"கம்பத்துல நாற்பத்தொண்ணு, எழுதினது பதினேழு. மீதி இருபத்துநாலு. அவங்க எல்லாரும் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நான் சொன்னது ஒரு ஊகம்தான் அண்ணி. புள்ளி நின்னுபோனதுக்கு வேற காரணமும் இருக்கலாம். நான் ஒவ்வொருத்தரா போட்டுட்டு இருக்கேன்."

வேற காரணம் என்பதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கடைக்காரி கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும்வரை தாங்காது என்று தெரிந்தது. காப்பகத்து மதில் நிழலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அந்த எண்ணை அழுத்தினாள். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

கடையின் பெயரைச் சொன்னாள்.

"நாலு மாசம் கழிச்சு," என்றாள் அந்தப் பெண்.

"உங்க கடிதத்தை இன்னிக்குத்தாம்மா பார்த்தேன். அந்த முகவரியை யாரும் திறக்கலை. எங்க தப்புதான். குழந்தை..."

"பின்னாடி சத்தம் கேக்குதில்ல, கரண்டியால தட்டைப் போட்டு அடிச்சுக்கிட்டு? அதுதான் அவ."

கடைக்காரி போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நெஞ்சுல கிருமி புடிச்சு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. அந்தப் பதினோரு நாளும் நீங்க பதில் போடுவீங்கன்னு பார்த்தேன். என்ன சாயம்னு தெரிஞ்சா போதும்னு இருந்துது."

"சாயம் இல்லம்மா. தேன்மெழுகு மட்டும்தான்."

"இப்ப சொல்றீங்க." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "எப்படி இன்னிக்குத் திடீர்னு ஞாபகம் வந்துது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. யார் திரும்ப வாங்க வரவில்லை என்று கண்டுபிடித்து விலைக்கழிவு அனுப்ப ஒரு படம் போட்டோம், அதில் உங்களோடு நாற்பது பேர் ஒரே இடத்தில் நின்றீர்கள் என்றாள். உங்களுக்கும் அந்தச் செய்தி போயிருக்கும், அனுப்ப இருந்தேன் என்றும் சொன்னாள்.

"என்ன செய்தி?"

"உங்களைக் காணோமே, குட்டிக்கு அடுத்த பொம்மை வேண்டாமான்னு."

பின்னால் கரண்டிச் சத்தம் தொடர்ந்தது.

"நாற்பது பேருக்கும் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. என் நாத்தனார் போட்டுட்டு இருக்கா."

"அப்ப எங்கிட்ட என்ன பேச்சு? அவங்களுக்குப் போடுங்க. மன்னிப்பு எல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்." போன் துண்டிக்கப்பட்டது.

அன்றைக்கே இணையப் பக்கத்தின் தலையில், பொம்மைப் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் அறிவிப்புப் போட்டாள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் வாங்கிய கடிவளையத்தை உடனே குழந்தையிடமிருந்து எடுத்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, என்ன நூல், எத்தனை வளையம் என்று எதையும் மறைக்காமல் எழுதினாள். சாயங்காலம் கணவனும் வந்து ஒரு போனோடு உட்கார்ந்தான். அந்த முகவரி தன்னுடையது என்று தெரிந்தபின் அவன் நிமிராமல் எண்களை அழுத்திக்கொண்டிருந்தான். சின்னவள் படத்தில் பதில் வந்த ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் சாம்பல் நிறமாக்கினாள்.

இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேர் அன்று மாலைக்குள் கிடைத்தார்கள். அதில் நான்கு வீட்டில் வளையம் இன்னும் புழக்கத்தில் இருந்தது. மூன்று பேருக்குக் கடிதமும் செய்தியும் போய், வாரக் கடைசியில் பதில் வந்தது. ஒருத்தி, வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிட்டேன், யாருக்கு என்று நினைவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாளில் கண்டுபிடித்தும் விட்டாள்.

ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. எண் பயன்பாட்டில் இல்லை என்று வந்தது. வீட்டு முகவரிக்குப் போன கடிதம், அங்கே யாரும் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. நூற்று நாற்பதாம் நாளில், குறுக்குக்கோட்டுக்குச் சற்று மேலே, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. ஒவ்வொரு நாளும் அது ஒரு நாள் அளவு வலப்பக்கம் நகர்ந்தது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை, கடைக்காரி அந்த முகவரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். நான்கு மணி நேரப் பயணம். மூன்றாவது மாடியில் கதவு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்று எதிர்க்கதவின் மணியை அழுத்தினாள். உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஒரு குழந்தை இருந்ததே, அது நன்றாக இருக்கிறதா?

தாழ்ப்பாள் விலகியது.

"அவங்களா?" என்றாள் கதவைத் திறந்த பெண், தாளைப் பார்த்துவிட்டு. "ரெண்டு மாசமாச்சே காலி பண்ணி. அவருக்கு வேலை மாத்தலாகிப் போச்சு. குழந்தையா? போன வாரம்கூடப் படம் அனுப்பினாங்க, நடக்க ஆரம்பிச்சுட்டான். இருங்க, புது நம்பர் தரேன்."

கடைக்காரி எண்ணை வாங்கிக்கொண்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அழைத்தாள்.